திருப்பிச் சொல்லும் சிக்னல்

ஞாயிற்றுக்கிழமை மகள் சுபிதாவைப் பெண் பார்க்க வருகிறவர்களுக்காகச் செண்பகம் முந்திரிக்கொத்து பொரிக்கிறாள். ஜன்னல் வழியே விழும் சாயங்கால வெயிலும் எண்ணெயில் மிதக்கும் உருண்டைகளும் ஒரே மஞ்சளாக இருக்கின்றன. அவள் கையெல்லாம் மாவு. அதனால் ஈரோட்டிலிருந்து சுபிதா எழுதிய கடிதத்தை, அடுக்களைக் கதவில் சாய்ந்து நின்று கணவர் தாணுலிங்கம் வாசிக்கிறார். போனில் சொன்னால் அம்மா நடுவிலே அழுதுவிடுவாள், அதனால்தான் கடிதம் என்று தொடங்கியிருக்கிறாள். ரயில் எஞ்சினில் உதவி ஓட்டுநர் அவள். "ரெண்டு வருஷத்துல சரக்கு வண்டிய நானே ஓட்டுவேம்ப்பா. இப்பமே கல்யாணம் ஆனா ராத்திரி டூட்டி வேண்டாம், ஆபீஸ் வேலை கேட்டு வாங்குன்னு சொல்லுவாங்க. வாங்கினா எஞ்சின விட்டு இறங்கணும். கல்யாணமே வேண்டாம்னு சொல்லல, அதுவரை பொறுங்க." செண்பகத்தின் கரண்டி அசையாமல் நிற்கிறது. ஒரு உருண்டை கருகுகிறது. "பொறவு?" என்கிறாள். அவர் தொடர்கிறார். "எஞ்சின்ல சிக்னலக் கண்டதும் ஒருத்தர் உரக்கச் சொல்லணும், மத்தவர் அதத் திருப்பிச் சொல்லணும். நான் சொல்லிட்டேன். இனி நீங்க." தாணுலிங்கம் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்கிறார். "ஏட்டி, தரகர்கிட்ட நான் என்ன சொல்லட்டு?" செண்பகம் கருகியதை எடுத்து ஓரமாகப் போடுகிறாள். "ரெண்டு வருஷம்னு சொல்லுங்க." அவர் நிமிர்ந்து நின்று, ஓடும் எஞ்சினில் இருப்பவரைப் போல உரக்கச் சொல்கிறார்: "ரெண்டு வருஷம்." அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வருகிறது. அடுத்த ஈட்டு உருண்டைகளை எண்ணெயில் விடுகிறாள், இது ஈரோட்டுக்கு.