பாட்டில்லாத படம்

எழிலரசி சுவரிலிருந்த தேடுபொறியிடம் கேட்டாள். "சின்ன வயசுல அப்பா போன்ல ஒரு படம் பார்த்துட்டிருந்தார். வெளிய ஒரு பொம்பள கதவத் தட்டி அழுவுறா. உள்ள ஒருத்தன் குழந்தை வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறான். பேர் ஞாபகமில்ல."

"தமிழா, டப்பிங்கா?"

"தமிழ்தான். நம்ம ஊர்ப் பேச்சு."

"கறுப்பு வெள்ளையா?"

"கலர். அவன் சட்டைப் பையில டச் போன் இருந்துச்சு."

"அப்படியானால் மிகப் பழைய படம் இல்லை. பாட்டு, பின்னணி இசை?"

"ரெண்டும் இல்ல."

"முகங்களைக் கிட்டத்தில் காட்டினார்களா?"

"இல்லையே. எல்லாம் மேல இருந்துதான் தெரிஞ்சுது. கேமரா அசையவே இல்ல."

சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா மாசிலாமணி நிமிர்ந்தார். "விடும்மா, ஏதோ பழைய படம்." 'விட்டுட்டுப் போனவ ஒருநாளும் உன்னைத் தேடி வரல' என்று அம்மாவைப் பற்றி அவர் சொல்வதும் இதே குரலில்தான்.

"திரைப்படங்களில் எதுவும் பொருந்தவில்லை. இந்த வீட்டுக் கூடத்துக் கேமராவின் பழைய பதிவு ஒன்று முழுவதும் பொருந்துகிறது. போடுகிறேன்."

அப்பா எச்சில் கையோடு சுவரை நோக்கி ஓடினார். அதற்குள் பதிவிலிருந்து கதவு தட்டும் சத்தம் கூடத்தை நிறைத்தது.

"எழிலு, அம்மா வந்திருக்கேன்டி. உள்ளதான இருக்க? ஒரு வாட்டி குரல் குடுடி."