டைப்பிங்

‘ஆபரேஷன் முடிஞ்சுதாப்பா? அம்மா கண்ணு முழிச்சாங்களா?’ என்று பூங்கோதை கேட்டிருந்தாள். இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டது. கூப்பிட்டால் அப்பா கட் செய்தார். அவர் பெயருக்குக் கீழே ‘டைப்பிங்’ என்று வந்தது; மறைந்து ‘ஆன்லைன்’ ஆனது; மறுபடி வந்தது. அப்பா டைப் செய்கிறவரே இல்லை. கொத்தமல்லி வாங்கி வரச் சொல்வதற்குக்கூட வாய்ஸ்தான் அனுப்புவார். இன்று குரலுக்கு என்ன வந்தது?

ஒருமுறை ‘ரெக்கார்டிங்’ என்று வந்தது. போனைக் காதருகே கொண்டுபோனாள். அதுவும் அணைந்தது.

பொறுக்கமாட்டாமல் ‘அப்பா’ என்று அடிக்கத் தொடங்கியதும் அவருடைய டைப்பிங் சட்டென்று நின்றது. அவள் அடிப்பது அங்கே தெரிகிறது. மகள் ஏதோ சொல்ல வருகிறாள் என்று காத்திருக்கிறார். அடித்ததை அழித்துவிட்டுச் சும்மா இருந்தாள். அவருடையது திரும்ப வந்தது.

ஆபீஸில் பக்கத்து சீட் ஹெப்சிபா எட்டிப் பார்த்தாள். “என்னக்கா, என்ன சொல்றாங்க?”

“இன்னும் ஒண்ணும் சொல்லல.”

இந்த முறை டைப்பிங் மறையவே இல்லை. நீண்டுகொண்டே போனது. பூங்கோதை அவசரமாக ஓர் ‘அ’ அடித்தாள். நின்றது. அழித்தாள், மறுபடி அடித்தாள், அழித்தாள், அடித்தாள். அங்கே அப்பா காத்திருந்தார்.