படிக்கிறவர் மனசு

“யாரு சார் காலமானது? எம் புருஷன் செத்துப்போனாரு. லிஃப்ட் குழியில விழுந்து செத்தாரு.”

மூன்றாம் மாடித் தையல்காரரின் மனைவி போட்ட சத்தத்தில் அடுப்பை அணைத்துவிட்டுக் கீழே ஓடினேன். இதையெல்லாம் மாடியிலிருந்து கேட்டால் பாதிதான் காதில் விழும்.

அறிவிப்புப் பலகையில் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஒட்டிய தாள். ‘எதிர்பாராத விதமாகக் காலமானார்.’ அந்த ‘எதிர்பாராத’வைத் தாள் கிழியும் அளவுக்குப் பேனாவால் அடித்துக்கொண்டிருந்தாள்.

“ஏம்மா, படிக்கிறவங்க மனசு நோகக் கூடாது பாரு,” என்றார் செயலாளர். எதையும் தேன் தடவித்தான் பேசுவார் மனிதர். நாலு நாள் தண்ணீர் வராததற்கு ‘நீர்ச் சிக்கன வாரம்’ என்று பெயர் வைத்தவர்.

“யார் மனசு சார்? என்னோடது நொந்தாச்சு. மிச்சம் உங்க மனசுதான்.”



செயலாளரையும் தப்புச் சொல்ல முடியாது. நாய் என்றால் செத்தது என்போம். மனிதர் என்றால் காலமானார். துக்க வீட்டில் நானும் ‘எப்போ தவறினார்’ என்றுதான் விசாரிக்கிறேன். செத்தவருக்கு மரியாதை, அந்த வார்த்தையை வாயில் வைக்க நமக்கும் பயம்.

ஆனால் காலமானார் என்றால் வயது, படுக்கை, சுற்றிலும் உறவு. பூட்டாத கதவு அதற்குள் எங்கே இருக்கிறது?

லிஃப்ட் வந்து நிற்காமல் அதன் கதவு திறக்கக் கூடாது. எங்கள் மூன்றாம் மாடியில் ஒரு வாரமாக இழுத்தால் திறந்தது. மெக்கானிக் மூன்றே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: ‘திறக்காதே, விழுந்தால் சாவு.’ அப்படியே எழுதிப் பலகையாகத் தொங்கவிடச் சொன்னார்.

செயலாளர் மகளைப் பெண் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருகிற வாரத்தில், வருகிற வழியில், சாவு என்று எழுதுவதா? செயலாளர் நயமாக எழுதி வாங்கினார்.

‘லிஃப்ட் பராமரிப்பில் உள்ளது. சிரமத்திற்கு வருந்துகிறோம்.’

பல்பு போனாலும் அதே வாசகம், விசிறி நின்றாலும் அதே வாசகம். பலகையை ஒதுக்கிவிட்டு ஏறித்தான் எங்களுக்குப் பழக்கம். தையல்காரரும், நெஞ்சோடு அணைத்த துணிக்கட்டோடு, ஒதுக்கிவிட்டுக் கதவை இழுத்திருக்கிறார். காலை வைத்த இடத்தில் லிஃப்ட் இல்லை.

“அநியாயம்,” என்றேன் கூட்டத்தில். இருந்ததிலேயே என் குரல்தான் பெரிது.

மாதம் முடிவதற்குள் அவள் தையல் இயந்திரத்தை வண்டியில் ஏற்றிக்கொண்டு அண்ணன் வீட்டோடு போய்விட்டாள். போகும்போது என்னிடம் மட்டும் சொல்லிக்கொள்ளவில்லை.

செயலாளர் மகளுக்கு அதே மாப்பிள்ளையோடு கல்யாணம் நடந்தது. அழைப்பிதழ்களில் பெயரும் முகவரியும் எழுதிக் கொடுத்தது நான். இந்தக் கட்டடத்தில் எழுத்து வேலை எதுவானாலும் என்னிடம்தான் வரும். முத்து முத்தாக இருக்குமாம்.

அந்த லிஃப்ட் பலகையிலும் முத்து முத்தாகத்தான் இருந்தது.