ஒரு சாண் அதிகம்

அரசர்கள் கோட்டைக்குக் கோட்டை சுருட்டிக்கொண்டு போன, படங்கள் நெய்த பழைய சித்திரத்திரை அது. ஒஸ்லோ அருங்காட்சியகத்தின் புதுச் சுவரில் மாட்டியபோது அளந்ததைவிட ஒரு சாண் கூடுதலாக நீண்டது.

"பிழையா அளந்துபோட்டாய், சாருகா!" மாட்டும் வேலையின் மேற்பார்வையாளர் குலசேகரம் வலக்கையை ஓங்கிக் கத்தினார்.

"மூண்டுதரம் அளந்தனான் அண்ணை! இது முழுக்கப் பட்டும் வெள்ளிச்சரிகையும். ஒரு சாண் நெய்ய மூண்டு பேருக்கு ஒரு மாசம் வேணும். ஆர் நெய்தது?"

கூடுதல் சாணில் நெய்யப்பட்டிருந்த ஒருவர் வாயைத் திறந்தபடி இடக்கையை ஓங்கியிருந்தார். இப்படிப்பட்ட திரைகளை, மாதிரி ஓவியத்தைத் தறியில் நெடுக்காக ஓடும் பாவு நூல்களுக்கு அடியில் விரித்து, பின்பக்கமிருந்தே நெய்வார்கள். அதனால் முன்பக்கத்தில் வலது இடதாகும்.

சாருகா ஆத்திரத்தோடு ஓரத்தைப் புரட்டினாள். பின்பக்கத்தில் அந்த உருவம் குலசேகரத்தைப் போலவே வலக்கையை ஓங்கியிருந்தது. அதன் பக்கத்தில், இன்னும் நெய்து முடியாத இடத்தில், ஒரு நூற்கண்டு ஆடிக்கொண்டிருந்தது, அவளுடைய சட்டையின் அதே மஞ்சளில்.