இடப்பக்கம்

விடியற்புறச் சுற்றிவளைப்பில் முதியோரைப் பராமரிக்கிற ஆறாயியையும் இன்னொரு பெண்ணையும் பொலிஸ் விசாரணைக்கு ஏற்றிக்கொண்டு போய்விட்டது. வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையில் இருந்த அந்த முதியோர் இல்லத்தின் மேல்மாடியைப் பார்க்க ஜெகதீஸ்வரி ஒருத்திதான் மிஞ்சினாள்.

“கிழடுகளுக்குச் சொல்லிப்போடாதை. லீவில போனவை எண்டு சொல்லு.” இல்லத்தை நடத்துகிற அம்மா பொலிஸ் நிலையத்துக்கு ஓடுகிற ஓட்டத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

மூன்று பேருடைய வேலை. எதைச் செய்யாமல் விடுவது என்பதை ஜெகதீஸ்வரிதான் முடிவு செய்ய வேண்டியிருந்தது.

குளிப்பாட்டுவதை விட்டாள். நனைந்த விரிப்புகளை மாற்றாமல் மேலே காய்ந்த துவாயை விரித்தாள். விட்டால் வாகனங்கள் பறக்கிற காலி வீதி வரைக்கும் நடந்துபோய்விடுகிற வரதராசாவைச் சேலைத் துண்டால் கதிரையோடு சேர்த்துக் கட்டினாள்.

அவர் முடிச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை.

மதியம் தில்லைநாதனுக்குக் கஞ்சி. பாரிசவாதத்தில் விழுங்கும் சக்தி குறைந்துபோனவர். நிமிர்த்தி இருத்தி, ஒரு கரண்டி கொடுத்து, உள்ளே இறங்கியதைப் பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டி. அவசரப்பட்டால் கஞ்சி நுரையீரலுக்குள் போய்விடும்.

பாதிக் கோப்பையில்தான் சிவக்கொழுந்தம்மாவின் நினைவு வந்தது.

இடுப்பெலும்பு முறிந்த நாளிலிருந்து அவரால் தானாகப் புரள முடியாது. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் பக்கம் மாற்றி, முதுகுக்கும் முழங்கால்களுக்கு நடுவிலும் தலையணை கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வந்துவிடும். தனி ஒருத்தி இழுத்துத் திருப்பினால் தோலும் உரியும், முறிந்த எலும்பும் நோகும்.

கோப்பையும் கையுமாகப் போய் நின்றாள்.

“ஆறாயி இப்பதான் வந்து திருப்பி விட்டவள். நீ மற்ற ஆக்களைப் பார், பிள்ளை.”

முந்தின இரவு வைத்த தலையணைகள் அப்படியே இருந்தன. அதே இடப்பக்கம்.

சிவக்கொழுந்தம்மாவிடம் சில நாட்களில் செத்துப்போன புருஷனும் வந்து கதைத்துவிட்டுப் போவதுண்டு. இன்றைக்கும் மனம் தடுமாறிவிட்டது என்று ஜெகதீஸ்வரி நினைத்தாள்.

“அப்ப சரி, அம்மா,” என்றாள்.

தில்லைநாதனிடம் திரும்பிப் போகும்போது ஒரு பாரம் இறங்கினது போல இருந்தது. அதற்காக வெட்கப்படவும் நேரமில்லை. அதன்பிறகு அந்தப் பக்கம் போனபோதெல்லாம் கட்டிலைப் பார்க்காமலே கடந்தாள்.

பொழுதுபடத்தான் சமையல்காரி கை கொடுக்க மேலே வந்தாள். இருவருமாகப் பிடித்துத் திருப்பினார்கள். இடுப்பில் கொப்பளித்து உடைந்திருந்த இடத்துத் தோல் விரிப்போடு ஒட்டிக்கொண்டு வந்தது.

சிவக்கொழுந்தம்மா பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தார். சமையல்காரி மருந்து எடுக்கப் போகும்வரை பொறுத்திருந்து, ஜெகதீஸ்வரியின் கையைப் பிடித்தார்.

“ஆறாயியைப் பொலிஸ் விட்டிட்டுதோ, பிள்ளை?”