உள்ளே வரக்கூடாது

பச்சைப் பலகை. வெள்ளை எழுத்து. ஒரு பள்ளிவாசல் சுவர்.

“பிற மதத்தவர்” என்று ஒரு வரி. அதற்குக் கீழே “உள்ளே வரக்கூடாது” என்று ஒரு வரி.

குடும்ப வாட்ஸப் குழுவில் இந்தப் படத்தைப் போட்டிருந்தவர் எங்கள் மாமா, அம்மாவின் தம்பி. படத்துக்குக் கீழே: ‘இவர்களுக்குத்தான் நாம் வீடு வாடகைக்கு விடுகிறோம். சிந்தியுங்கள். பகிருங்கள்.’ மாமா சிந்திக்கிற வேலையைப் பிறருக்கு விட்டுவிட்டுப் பகிர்கிற வேலையை மட்டும் செய்திருந்தார். மேலே இரட்டை அம்புக்குறி. ஊரெல்லாம் சுற்றிவிட்டு வந்த செய்தி என்று அதற்குப் பொருள்.

சித்தி மூன்று கோப முகம் போட்டாள். சித்தி எதற்கும் மூன்றுதான். பிறந்தநாளுக்கும் மூன்று கேக்.

பிறகு அக்கா எழுதினாள்: “ஞாயித்துக்கிழமை நாங்க வரல.”

அக்கா கட்டிக்கொண்டது மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஒரு முஸ்லிமை. கல்யாணத்துக்கு மாமா வரவில்லை. இத்தனை வருஷம் கழித்து இந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான் அவர்கள் இரண்டு பேரையும் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். அம்மா அதை நினைத்து நினைத்துப் பூரித்துப்போயிருந்தாள்.

அக்கா வீட்டுக்காரரான அத்தானும் குழுவில் இருக்கிறார். அவர் ஒன்றும் எழுதவில்லை.

குழுவின் நிர்வாகி நான். ஒரு தட்டு தட்டினால் படம் போய்விடும். ஆனால் பார்த்தவர்கள் மண்டையிலிருந்து போகாது. ‘எதையோ மறைக்கிறாள்’ என்று வேறு ஆகும்.

நான் பாடப்புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவள். பழக்கதோஷம், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.

‘கூடாது’வுக்குப் பிறகு முற்றுப்புள்ளி இல்லை. படத்தின் அடி ஓரத்தில், பச்சையின் மேல், சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள் ஒரே மட்டத்தில் இருந்தன. தூசி இப்படி வரிசையில் உட்காராது. கடைசியில் ஒரு வளைவின் உச்சி மட்டும் தெரிந்தது.

அவை மெய்யெழுத்தின் தலைப் புள்ளிகள். கீழே இன்னொரு வரி இருக்கிறது. நம் மொழியில் ‘கூடாது’ வந்துவிட்டது என்று வாக்கியம் முடிந்ததாக நினைக்க முடியாது. பின்னாலேயே ஒரு ‘என்று’ வந்து எல்லாவற்றையும் தலைகீழாக்கிவிடும்.

படத்தைக் கொடுத்தால் அது எங்கிருந்து வந்தது என்று தேடித் தரும் வசதியில் போட்டேன். முதலில் யார் யாருடைய கரும்பலகையோ வந்தது. அப்புறம் அந்தப் பள்ளிவாசலின் ஃபேஸ்புக் பக்கமே வந்தது. ஏதோ முகாம், போன வருஷத்துப் படம்.

முழுப்படம்.

மூன்றாவது வரி: “என்று இங்கே யாரும் சொல்வதில்லை.” நான்காவது, பொடி எழுத்தில்: “செருப்பை மட்டும் வெளியே விடவும்.”

வரியை அந்த இடத்தில் உடைத்தவன் என் கையில் கிடைத்தால் நடப்பதே வேறு.

முழுப்படமே ஒட்டுவேலையாக இருந்தால்? அதே பக்கத்தில் வேறொரு நாள், வேறு கோணத்தில் எடுத்த படம் இருந்தது. அதிலும் அதே பலகை, அதே நான்கு வரி.

குழுவில் போடுவதற்கு முன் மாமாவுக்குத் தனியாக முழுப்படத்தை அனுப்பிவிட்டு, போனில் கூப்பிட்டேன்.

நான் சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்து மாமா முதலில் குரலை உயர்த்தினார். எனக்கும் நாக்கு நுனிவரை வந்தது. முழுங்கிவிட்டு, அனுப்பியதைப் பாருங்கள் என்றேன்.

பார்த்தார்.

“அழிச்சிடறேன்” என்று வைத்துவிட்டார்.

அழித்தார். ‘எல்லோருக்கும்’ என்பதற்குப் பதில் ‘எனக்கு மட்டும்’ என்பதை அழுத்திவிட்டார். இப்போது அந்தப் படம் உலகத்தில் மாமாவுக்கு மட்டும் தெரியாது.

எப்படியோ, பதில் எழுத மூலச் செய்தி இருந்தது. முழுப்படத்திலிருந்து பலகையை மட்டும் வெட்டி எடுத்தேன். வெட்டிய படத்தைத் திருத்த நானும் வெட்டத்தான் வேண்டியிருந்தது. அதற்குக் காரணம் இருந்தது. அந்தச் செய்திக்கே பதிலாக எழுதினேன்:

“முழுப் பலகை இது. யாரும் வரலாம்னுதான் போட்டிருக்கு. வந்த படத்துல கடைசி ரெண்டு வரி இல்ல, அதனால நானும் முதல்ல நம்பிட்டேன். பள்ளிவாசல் பக்கத்துல வேற நாள் எடுத்த படத்தோட லிங்க் கீழ இருக்கு. யாருக்காவது அனுப்பியிருந்தா இதையும் அனுப்பிடுங்க.”

நம்பினேன் என்பது மாமாவுக்காகச் சொன்னதில்லை. ஒரு நொடி நம்பத்தான் செய்தேன்.

சித்தி மூன்று கும்பிடு போட்டாள். அக்காவின் ‘வரல’ அப்படியே இருந்தது.

நான் மறுபடி பாடப்புத்தகத்துக்குத் திரும்பினேன். ஒரு வரிகூட ஓடவில்லை.

குழுவில் மாமா ஒரு படம் போட்டார். நான் வெட்டாமல் அவருக்குத் தனியாக அனுப்பிய அதே படம். குழு மொத்தமும் பார்க்கப் போட்டுவிட்டார்.

மேலே பலகை. அதற்கு நேர் கீழே, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, எங்கே கால் வைப்பது என்று தெரியாமல் மாமா. அவர் முழங்கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போகிறவர் அத்தான். பின்னால் துணியில் எழுதியிருக்கிறது: இலவசக் கண் பரிசோதனை முகாம். இப்படி ஒன்று நடந்ததை அத்தானும் யாரிடமும் சொன்னதில்லை, மாமாவும் சொன்னதில்லை.

படத்துக்குக் கீழே மாமா எழுதியிருந்தார்: “அன்னிக்கு எனக்குப் பலகையில எழுதியிருந்தது தெரியல. இன்னிக்குக் கண்ணாடி போட்டும் தெரியல.”

யாரும் ஒன்றும் போடவில்லை. சித்திகூட.

அப்புறம் அத்தான், அன்று முதல்முறையாக எழுதினார்:

“ஞாயித்துக்கிழமை வரும்போது பவர் பார்த்துடறேன் மாமா.”