எண்பத்தொரு சதவீதம்

காலை ஒன்பதே கால் மணிக்குச் சந்தையில் நூற்றுப் பன்னிரண்டு முகங்களைப் பதிந்துகொண்டு, ஏட்டு மரியதாஸின் மார்புக் கேமரா ஸ்டேஷனுக்குத் திரும்பியது. அவர் சட்டைப் பையில் கிடந்த பழைய விசிலும் கூடவே வந்தது.

முகம் ஒப்பிடும் கம்ப்யூட்டர் படங்களை மேய்ந்துவிட்டுச் சொன்னது: "குடை ரிப்பேர் ஜெயசீலன், செயின் திருடன் போட்டோவோட எண்பத்தொரு சதவீதம் ஒத்துப்போறான்."

"போடா! அவனை இருபது வருஷமாத் தெரியும்," என்றது விசில்.

"திருடன்னு நான் சொல்லலை, பெரிசு. ஜாடையைத்தான் சொன்னேன். எண்பதைத் தாண்டினா பேரைக் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. பழைய போட்டோ வேற, மங்கல்."

ஜெயசீலனைக் கொண்டுவந்தார்கள். புதுப் படம் எடுத்துத் திருடனின் கோப்பில் சேர்த்தார்கள். எஸ்.ஐ. கையை ஓங்கினார், கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்ததும் இறக்கிக்கொண்டார். விசிலின் காலத்தில் ஓங்கிய கை அடிக்காமல் இறங்கியதில்லை.

"ஐயா, போன வாரம் அந்தச் செயின் போன நேரத்துல இவன் என் குடையைத்தான் தைச்சுக்கிட்டிருந்தான். கேமராவுல பாருங்க," என்றார் மரியதாஸ்.

தேதியோடும் நேரத்தோடும் அது இருந்தது. ஜெயசீலன் வீட்டுக்குப் போனான்.

"அப்பல்லாம் நான் ஊதுவேன், திரும்பிப் பார்ப்பாங்க, அதோட மறந்துடுவேன்," என்றது விசில். "மத்த நூத்திப் பதினோரு பேரு?"

"என்கிட்டதான் இருக்காங்க," என்றது கேமரா. "அவங்களுக்குத் தெரியாது."

திருடனின் கோப்பிலிருந்து ஜெயசீலனின் படத்தை யாரும் நீக்கவில்லை.

அடுத்த ஆண்டு மார்ச் 14ஆம் தேதி பஸ் நிலையத்தில் ஜெயசீலன் மறுபடியும் பிடிபட்டான். இந்தமுறை தொண்ணூற்றொன்பது சதவீதம்.